ஆயிரம் கிலோவில் எதை ஏற்றுவது? நாப்சாக் கணக்கு: ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானல் மேல்மலையில் லோடு ஏற்றும் இடங்களில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்று, "வண்டி நிறைஞ்சாத்தான் லாபம்." இன்னொன்று, "கிலோவுக்கு எதுல காசு கூட நிக்குதோ அதை முதல்ல ஏத்து." இரண்டும் அனுபவசாலிகள் சொல்வதுதான். பல நாள் சரியாகவும் வந்துவிடும். ஆனால் இரண்டையும் ஒரு சேரப் பின்பற்றி, வண்டியை விளிம்பு வரை நிரப்பிய பிறகும் லாபம் குறையலாம். அது எப்படி என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில், எவ்வளவு ஏற்றலாம்?

பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து சரக்கெடுத்து, பெருமாள்மலை வழியாகக் காட்ரோடு இறங்கி, மதுரை மாட்டுத்தாவணிக்குப் போகும் ஒரு சிறிய கண்டெய்னர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். சரக்கோடும் ஆட்களோடும் சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை ஒன்று. வெறும் வண்டியின் எடை மற்றொன்று. நம் வண்டிக்கு முதலாவது 2,990 கிலோ, இரண்டாவது 1,790 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,200 கிலோ.

இந்த 1,200 முழுவதும் சரக்குக்கு என்று நினைப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. ஓட்டுநரும் கூட வருபவரும் 150 கிலோ. கயிறு, தார்ப்பாய், ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்து 50 கிலோ. ஆக, சரக்குக்கு மிஞ்சுவது 1,000 கிலோ. சாக்கின் எடையும் கிரேடின் எடையும் அந்தந்தச் சரக்கின் எடையிலேயே சேர்ந்துவிட வேண்டும். மழையில் நனைந்த சாக்கு கூடுதல் எடை காட்டும். அதனால் காலையில் போட்ட எடையை நம்பி மாலையில் ஏற்றக் கூடாது.

இந்த 1,000 கிலோ என்ற கோட்டுக்கு இனி எடை வரம்பு என்று பெயர். மலைப்பாதையில் இந்தக் கோட்டைத் தாண்டினால் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். தாண்டுவதன் பணக் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

நான்கு லாட், ஒரு வண்டி

இன்று நான்கு சரக்குகள் காத்திருக்கின்றன. வியாபாரி ஒருவரே. ஏற்றினால் எல்லாச் செலவும் போக அவர் கையில் நிற்கும் தொகை கீழே உள்ள அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. சந்தை விலை அல்ல.

| சரக்கு | எடை | கிலோவுக்கு | மொத்த லாபம் |
|---|---|---|---|
| மலைப்பூண்டு | 700 கிலோ | ரூ.15 | ரூ.10,500 |
| பட்டர்ஃப்ரூட் | 500 கிலோ | ரூ.14.60 | ரூ.7,300 |
| பீன்ஸ் | 400 கிலோ | ரூ.14 | ரூ.5,600 |
| கேரட் | 300 கிலோ | ரூ.6 | ரூ.1,800 |

ஒவ்வொன்றும் ஒரு லாட். லாட்டைப் பிரிக்க முடியாது. தோட்டக்காரர் "எடுத்தா மொத்தமா எடுங்க, இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்" என்கிறார். அந்தப் பக்கம் வாங்குகிறவரும் மொத்த லாட்டுக்குத்தான் விலை பேசியிருக்கிறார். நான்கையும் கூட்டினால் 1,900 கிலோ. வண்டியோ 1,000 கிலோ. எதை ஏற்றுவது, எதை விடுவது?

இதுதான் நாப்சாக் கணக்கு. நாப்சாக் என்பது முதுகில் மாட்டும் பை. எடை வரம்புள்ள ஒரு பை, எடையும் மதிப்பும் உள்ள சில பொருள்கள்; வரம்பைத் தாண்டாமல் மொத்த மதிப்பு மிக அதிகமாக வரும்படி பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் முழுசாக உள்ளே போகும், அல்லது வெளியே நிற்கும்.

கிலோ லாபத்தைப் பார்த்து ஏற்றினால்

கிலோவுக்கு அதிகம் தருவதை முதலில் எடுத்து, அப்படியே வரிசையாக இறங்கி வருவதைக் கிரீடி முறை என்பார்கள். ஒவ்வோர் அடியிலும் அந்த நேரத்துக்கு எது சிறந்ததோ அதை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவது.

நம் வண்டியில் செய்து பார்ப்போம். பூண்டு முதலில் ஏறுகிறது: 700 கிலோ. மிச்சம் 300. அடுத்தது பட்டர்ஃப்ரூட், 500 கிலோ, இடம் இல்லை. பீன்ஸ் 400 கிலோ, அதுவும் போகாது. கேரட் 300 கிலோ, சரியாக உட்காருகிறது. மொத்தம் 1,000 கிலோ, ஒரு கிலோகூட வீணில்லை. லாபம் 12,300 ரூபாய். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பேச்சும் நிறைவேறிவிட்டன. வண்டி நிறைந்தது. கிலோ லாபம் அதிகமுள்ளது முதலில் ஏறியது.

இப்போது பூண்டைக் கீழேயே விட்டுவிட்டு, பட்டர்ஃப்ரூட்டையும் பீன்ஸையும் ஏற்றிப் பாருங்கள். 900 கிலோதான். 100 கிலோ இடம் சும்மா இருக்கிறது. லாபம் 12,900 ரூபாய். நிறைந்த வண்டியைவிட நிறையாத வண்டி 600 ரூபாய் அதிகம் தருகிறது.

ஏன்? பூண்டு தன் 700 கிலோவுக்கு நல்ல லாபம் தருகிறது, சந்தேகமில்லை. ஆனால் அது ஏறியதும், மிச்சமிருக்கும் 300 கிலோ இடத்தில் கேரட் மட்டும்தான் நுழைய முடியும் என்ற நிலையையும் உண்டாக்கிவிடுகிறது. கிலோவுக்கு 15 ரூபாய் சம்பாதிக்க, மீதி இடத்தைக் கிலோவுக்கு 6 ரூபாய்க்கு விட்டுக்கொடுத்தோம். ஒரு சரக்கின் மதிப்பு அதனிடம் மட்டும் இல்லை. அது விட்டுவைக்கும் இடத்தில் எது உட்காரும் என்பதிலும் இருக்கிறது. கிரீடி முறைக்கு இது தெரியாது.

இழப்பு எப்போதும் 600 ரூபாயோடு நிற்கும் என்றும் இல்லை. 100 கிலோ மிளகு கிலோவுக்கு 20 ரூபாய் தருகிறது. 1,000 கிலோ காப்பிக்கொட்டை கிலோவுக்கு 15 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். கிரீடி முறை மிளகை ஏற்றி 2,000 ரூபாயோடு திரும்பும், ஏனென்றால் அதன்பிறகு காப்பிக்கு இடமில்லை. 15,000 ரூபாய் கீழேயே நின்றுவிடும்.

பிரிக்க முடிந்தால் கதை வேறு

கிலோ லாபத்தைப் பார்ப்பது அடியோடு தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரச்சந்தைக்குப் பை கொண்டு போகிறோம். அரிசியை, பை நிறையும் வரை கொட்டிக்கொள்ளலாம். பலாப்பழம் அப்படியில்லை, நுழைந்தால் நுழையும், இல்லாவிட்டால் இல்லை. சரக்கு அரிசி மாதிரி இருந்தால் கிரீடி முறைதான் சரி, அதை மிஞ்ச எதனாலும் முடியாது. ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் 1957-இல் இதைக் காட்டினார். சரக்கு பலாப்பழம் மாதிரி இருந்தால்தான் சிக்கல்.

நம் நான்கு லாட்டையும் பிரிக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பூண்டு 700 கிலோ முழுவதும், பட்டர்ஃப்ரூட்டில் 300 கிலோவும் ஏறும். லாபம் 10,500 + 4,380, அதாவது 14,880 ரூபாய். நிஜத்தில் இது நடக்காது. ஆனாலும் இந்த எண் பயனுள்ளது. பிரிக்க முடியாத லாட்டுகளை எப்படி அடுக்கினாலும் 14,880-ஐத் தாண்ட முடியாது. யாராவது வந்து "15,500 வரும்படி ஏத்தித் தர்றேன்" என்றால், எங்கோ எடை தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று அந்த நொடியே சொல்லிவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பிரிக்கக்கூடிய சரக்குக்குக் கிலோ லாப வரிசை போதும். முழு லாட்டாக ஏற்ற வேண்டியதற்கு அது ஒரு நல்ல ஊகம் மட்டுமே. வண்டி நிறைந்திருப்பது எதற்கும் சான்று அல்ல.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் என்ன?

நான்கு லாட்டுக்கு இது முடியும். ஒவ்வொரு லாட்டுக்கும் இரண்டு வழி: ஏற்றலாம், விடலாம். 2 × 2 × 2 × 2 = 16 சேர்க்கைகள். அதில் 1,000 கிலோவுக்குள் வருபவை 9 மட்டுமே. ஒரு காகிதத்தில் எழுதினால் 12,900-தான் உச்சம் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு புது லாட்டும் இந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். 20 லாட் என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். 30 லாட் என்றால் 107 கோடிக்கும் மேல். பெரிய கிட்டங்கியில் 60 லாட் காத்திருந்தால் கணினியாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இயலாது. இங்கேதான் ஒரு நல்ல உத்தி உதவிக்கு வருகிறது.

சின்ன வண்டியில் தொடங்கும் அட்டவணை

1,000 கிலோ வண்டிக்கு நேராக விடை தேட வேண்டாம். 300 கிலோ வண்டியாக இருந்தால் என்ன செய்வோம், 400 கிலோவாக இருந்தால் என்ன செய்வோம் என்று சின்ன வண்டிகளுக்கு முதலில் விடை எழுதிவைப்போம். சரக்கையும் ஒன்றொன்றாகச் சேர்ப்போம். சின்னக் கணக்குகளின் விடையைக் குறித்துவைத்து, அவற்றைக் கொண்டே பெரிய கணக்கின் விடையைக் கட்டுவதற்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வகுத்த முறை.

கீழே மேல்வரிசையில் இருப்பது கற்பனை வண்டிகளின் எடை வரம்பு. 300 கிலோவுக்குக் கீழே எதுவும் நுழையாது, அதனால் அந்தக் கட்டங்களை விட்டுவிட்டேன், அங்கெல்லாம் பூஜ்யம். உள்ளே இருப்பது ரூபாய்.

| கையில் உள்ள சரக்கு | 300 | 400 | 500 | 600 | 700 | 800 | 900 | 1000 |
|---|---|---|---|---|---|---|---|---|
| கேரட் மட்டும் | 1,800 | 1,800 | 1,800 | 1,800 | 1,800 | 1,800 | 1,800 | 1,800 |
| பீன்ஸும் சேர்ந்தால் | 1,800 | 5,600 | 5,600 | 5,600 | 7,400 | 7,400 | 7,400 | 7,400 |
| பட்டர்ஃப்ரூட்டும் சேர்ந்தால் | 1,800 | 5,600 | 7,300 | 7,300 | 7,400 | 9,100 | 12,900 | 12,900 |
| பூண்டும் சேர்ந்தால் | 1,800 | 5,600 | 7,300 | 7,300 | 10,500 | 10,500 | 12,900 | 12,900 |

எந்தக் கட்டத்தை நிரப்பவும் ஒரே ஒரு கேள்விதான்: புதிதாக வந்த லாட்டை ஏற்றலாமா, விடலாமா?

விட்டால், நேர் மேலே இருக்கும் கட்டத்தின் தொகை அப்படியே கிடைக்கும். ஏற்றினால், அந்த லாட்டின் லாபம் கிடைக்கும். கூடவே மிச்ச எடைக்கு மேல்வரிசையில் ஏற்கெனவே எழுதிவைத்த தொகையும் கிடைக்கும். இரண்டில் எது பெரிதோ அதை எழுத வேண்டியதுதான்.

ஒரு கட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மூன்றாம் வரிசை, 900 கிலோ. புது லாட் பட்டர்ஃப்ரூட். விட்டால் மேலே இருக்கும் 7,400. ஏற்றினால் 7,300 கிடைக்கிறது, 500 கிலோ போக மிச்சம் 400 கிலோ. மேல்வரிசையில் 400 கிலோவுக்கு நேரே 5,600 இருக்கிறது. கூட்டினால் 12,900. இதுவே பெரிது, எழுதிவிட்டோம். அந்த 400 கிலோவுக்குள் என்னென்ன வைப்பது என்று மறுபடி யோசிக்கவே இல்லை, கவனித்தீர்களா? அந்த வேலை மேல்வரிசையில் முன்பே முடிந்துவிட்டது. இந்த முறையின் பலம் முழுவதும் இதில்தான்.

கடைசி வரிசையின் கடைசிக் கட்டம் நம் விடை. பூண்டை விட்டால் மேலே 12,900. ஏற்றினால் 10,500, மிச்ச 300 கிலோவுக்கு 1,800, மொத்தம் 12,300. ஆக 12,900. கிரீடி முறையின் விடையும் இந்தக் கட்டத்துக்குள் ஒரு போட்டியாளராக வந்து, தோற்றுப் போகிறது.

எந்த லாட்டை ஏற்ற வேண்டும் என்று அறியக் கீழிருந்து மேலே திரும்பிப் போக வேண்டும். கடைசிக் கட்டம் 12,900, அதன் மேலேயும் 12,900. தொகை மாறவில்லை என்றால் பூண்டு ஏறவில்லை. அதற்கு மேலே 7,400; தொகை மாறியிருக்கிறது, எனவே பட்டர்ஃப்ரூட் ஏறியது. 500 கிலோவைக் கழித்து, மிச்ச 500 கிலோவுக்கு நேரே உள்ள கட்டத்துக்குப் போகிறோம். பீன்ஸ் வரிசையில் 5,600, அதன் மேலே 1,800. மாறியிருக்கிறது, பீன்ஸும் ஏறியது. மிச்சம் 100 கிலோ, அதில் எதுவும் போகாது. முடிந்தது. வரிசைகளை வேறு முறையில் அடுக்கினாலும் கடைசி வரிசை இதேதான் வரும்.

அட்டவணை இன்னும் என்ன சொல்கிறது?

கடைசி வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். 900 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் ஒரே தொகை. கடைசி 100 கிலோ இன்று ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அதே சமயம் வரம்பு 900-இலிருந்து 800 ஆகக் குறைந்தால், பட்டர்ஃப்ரூட்டும் பீன்ஸும் இரண்டும் இறங்கி, பூண்டு மட்டும் ஏற வேண்டும். வரம்பு கொஞ்சம் மாறினால் லோடும் கொஞ்சம்தான் மாறும் என்பது பலருடைய எண்ணம். அப்படியில்லை, லோடே தலைகீழாக மாறலாம். அதனால்தான் "நேத்து ஏத்துன மாதிரியே ஏத்து, ஒரு மூடையை மட்டும் குறை" என்பது ஆபத்தான யோசனை.

வரம்புக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம். 1,100 கிலோ என்றால் பூண்டும் பீன்ஸும் சேர்ந்து ஏறும், லாபம் 16,100. அதாவது 100 கிலோ ஓவர்லோடு, 3,200 ரூபாய் கூடுதல். ஆசை எங்கே பிறக்கிறது என்பது இப்போது எண்ணாகவே தெரிகிறது. ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய்; ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் மேலும் 2,000. மிகுதிச் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். ஆறு முறை தாண்டி ஒருமுறை பிடிபட்டாலும் கணக்கு நஷ்டம்தான். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

எடையை எந்த அளவில் எழுதுவது?

அட்டவணையில் நூறு கிலோ நூறு கிலோவாகப் போனோம். நிஜ லாட் 660 கிலோவாக இருக்கும், 340 கிலோவாக இருக்கும். அவற்றை 700, 400 என்று மேல்நோக்கி எழுதினால் கூட்டு 1,100. அட்டவணை வேண்டாம் என்றுவிடும். உண்மையில் இரண்டும் சேர்ந்து சரியாக 1,000 கிலோ, ஏற்றலாம். கீழ்நோக்கி எழுதினாலோ அட்டவணை சரி என்று சொன்ன லோடு எடைமேடையில் மாட்டும். லாட்டின் எடையை மேல்நோக்கி, வண்டியின் வரம்பைக் கீழ்நோக்கி என்று வைத்துக்கொண்டு, அளவைப் பத்து கிலோவாகச் சுருக்குவது நல்ல வழி. கட்டங்கள் பத்து மடங்காகும், அவ்வளவுதான்.

30 லாட்டை ஒவ்வொரு கிலோவாகப் பார்த்தாலும் 30,000 கட்டங்கள்தான். 107 கோடியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு நாப்சாக் கணக்கு அடியோடு தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. கிராம் கிராமாகப் போனால் அதே 30 லாட்டுக்கு மூன்று கோடிக் கட்டங்கள் ஆகும். எடை எவ்வளவு நுணுக்கமோ, அட்டவணை அவ்வளவு பெருக்கும். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் தொகுத்த மிகக் கடினமான 21 கணக்குகளின் பட்டியலில் நாப்சாக்கும் உண்டு. எல்லா எண்களுக்கும் விரைவாகத் தீர்க்கும் ஒரு முறை இன்றுவரை கிடைக்கவில்லை. காய்கறி லோடுக்குப் பத்து கிலோ நுணுக்கம் போதும் என்பதால் நாம் தப்பித்தோம்.

அட்டவணைக்குத் தெரியாதவை

எடை ஒன்றைத்தான் இது பார்க்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஏற்றும் நாளில் எடை வரம்பை எட்டும் முன்பே கண்டெய்னரில் இடம் தீர்ந்துவிடும். அப்போது எடைக்கு ஒரு வரம்பு, இடத்துக்கு ஒரு வரம்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முறை இதேதான், கட்டங்கள் பெருகும். எதை எதோடு வைக்கக் கூடாது என்பதும் இதற்குத் தெரியாது. பழுக்கத் தொடங்கிய பட்டர்ஃப்ரூட் எத்திலீன் வாயுவை வெளியிடும். மூடிய கண்டெய்னரில் அது பீன்ஸை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்கவைக்கும். நம் விடையே பட்டர்ஃப்ரூட்டும் பீன்ஸும்தான் என்பதால், காயாகப் பறித்ததா என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய விஷயம், லாபக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுகிறோம் என்பது. பூண்டுக்கு 10,500 என்று எழுதினோம். ஆனால் உலர்த்திய பூண்டு மாதக்கணக்கில் தாங்கும். இன்று விட்டால் நாளை வண்டியில் ஏற்றி 10,000 எடுத்துவிடலாம் என்றால், இன்றே ஏற்றுவதால் கிடைக்கும் கூடுதல் 500 ரூபாய் மட்டுமே. பீன்ஸ் அப்படி நிற்காது, இரண்டு நாளில் வாடிவிடும். அதன் 5,600 முழுவதும் இன்றைய வண்டியைப் பொறுத்தது. ஆகவே கட்டத்தில் எழுத வேண்டியது ஏற்றினால் வரும் தொகை அல்ல. ஏற்றினால் வருவதிலிருந்து, விட்டால் பிறகு வருவதைக் கழித்த மிச்சம்.

மற்ற மூன்றையும் அப்படியே வைத்து, பூண்டுக்கு மட்டும் 500 என்று போட்டுக் கடைசி வரிசையை மறுபடி எழுதிப் பாருங்கள். 1,000 கிலோவுக்கு விடை மாறாது. 800 கிலோவுக்கு மாறும்: பூண்டு தனியாக ஏறிய இடத்தில் இப்போது பட்டர்ஃப்ரூட்டும் கேரட்டும் 9,100 ரூபாயோடு ஏறும்.